வைரக்கண்ணு அண்ணனின் இரண்டு விரல்கள்

பெருவியாதியை ஸ்பேனரால் குணப்படுத்தியவன் இந்தப் பூலோகத்தில் நான் ஒருத்தன்தான். சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர்கள் குஷ்டரோகி முன்னால் ஊசியும் எண்ணெயும் வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக முழிக்கிறார்கள். நான் அரியலூர் ரயிலடிப் பக்கம் ஒரு ஸ்பேனர், அரை பாட்டில் தண்ணீர், ஒரு முழம் நூல், இவ்வளவையும் வைத்துக்கொண்டு காபி ஆறுவதற்குள் வேலையை முடித்தேன். மனுஷனைப் படைக்கிறபோது பிரம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலையும் கையையும் சைக்கிளுக்குத் தோதாக அளந்து கொடுத்திருப்பேன். கேட்கவில்லை. அதனால்தான் உலகத்தில் இவ்வளவு வலி.

போன தை மாசம் முழுக்க இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒரு ஆள் மட்டும் பிளக்கவில்லை. அந்த ஆளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

வைரக்கண்ணு அண்ணன் உடையார்பாளையம் பக்கத்து ஆள். சின்ன வயசில் முந்திரிக்கொட்டை மூட்டை தூக்கினார். இருபது வயசுக்கு மேல்தான் சைக்கிள் பழகினார். வேலையை விட்டுப் போன ஒரு ரயில்வே கார்டிடமிருந்து பழைய இங்கிலீஷ் சைக்கிள் ஒன்றை வாங்கினார். கார்டு பனைமர உசரம். அண்ணனுக்கு உடம்பு நீளம், கால் குட்டை. சீட்டைத் தண்டோடு அடிவரைக்கும் இறக்கினால்தான் பெடல் எட்டும். அதில் முதுகை நிமிர்த்தி, மணையில் உட்கார்ந்த கல்யாணப் பொண்ணு மாதிரி ஆடாமல் அசையாமல் போவார். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அவருடைய வேலை பேப்பர் போடுவது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. பட்டணத்துப் பேப்பர் காலை ரயிலில் அரியலூரில் இறங்கும். ஏஜெண்டு இளையபெருமாள் அதைப் பிரித்துக் கொடுப்பார். அண்ணன் மழைக்காகக் கோணியில் வைத்துத் தைத்து, பின்னால் கட்டிக்கொண்டு, பேரளி வழியாகப் பெரம்பலூர் போய், அங்கே போட்டுவிட்டு, சிறுவாச்சூர் வரைக்கும் போய்த் திரும்புவார். போக வர நாற்பத்தஞ்சு மைலுக்குக் குறையாது. ஜெர்மன்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மகன் பட்டாளத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் அவர் வருகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவருக்கு எழுத்துத் தெரியாது. பேப்பர் போடுகிற ஆளுக்குப் பேப்பர் படிக்கத் தெரியாது. வழியில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று தினமும் என்னிடம் வந்து தலைப்பைப் படிக்கச் சொல்லுவார். நான் எட்டாவது வரைக்கும் போனவன், படித்துச் சொல்லுவேன். ஒரு நாள் மண்ணெண்ணெய் இனிமேல் ரேஷன் இல்லாமல் கிடைக்கும் என்று சும்மா அடித்துவிட்டேன். பாவம், பேரளியில் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் பாட்டிலும் கையுமாகக் கடைக்கு ஓடி, திரும்பி வந்து அவரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். மறுநாள் வந்து, "நேத்து தப்பாப் படிச்சிட்ட போலருக்கு, தம்பி" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் விட்டிருப்பேன். திட்டாத ஆளை விட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் அப்பா பஞ்சநாதன் வைத்திருப்பது வாடகை சைக்கிள் கடை. அண்ணன் ரயிலுக்காகக் காத்திருக்கிற நேரம் அவர் சைக்கிள் எங்கள் கடை வாசலில்தான் நிற்கும். ஐப்பசி மாசம் ஒரு யோசனை வந்தது. தினமும் ஒரு நெல்லளவு அவர் சீட்டை ஏற்றினால் அவருக்குத் தெரியுமா?

தெரியவில்லை. நெல்லை நீட்டி வைத்து அளந்து, நாளைக்கு ஒரு நெல். அஞ்சு நாளில் அஞ்சு நெல். அதோடு சீட்டின் கிளிப்பில் பல் பல்லாக இருக்கும், அதில் ஒவ்வொரு பல்லாகத் தள்ளி மூக்கைக் கீழே சாய்த்தேன். சீட்டைப் பின்னாலேயும் தள்ளினேன். பிரேக் பார்க்கிற சாக்கில் ஒரு நாள் ஹேண்டில்பாரையும் கீழே இறக்கிவிட்டேன். சரியாக வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் தப்பாக வைக்கவும் தெரியும் என்று அப்போது ரொம்பப் பெருமை.

வேடிக்கை நினைத்தபடியே நடந்தது. சீட்டு உசந்ததால் பெடல் கீழே போகிறபோது கால் எட்டாமல், இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. கால் கட்டை விரலை நீட்டி நீட்டி மிதித்தார். மூக்கு சாய்ந்ததால் உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்காமல் இருக்க இரண்டு கையையும் முட்டுக் கொடுத்தார். ஹேண்டில்பார் தள்ளியும் தாழ்ந்தும் போனதால் முழங்கை மடங்காமல் கம்பு மாதிரி நின்றது. அரிசி மூட்டையை இரண்டு உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு நாற்பத்தஞ்சு மைல் போவதற்குச் சமம். கல்யாணப் பொண்ணு போய், வயல் நண்டு மாதிரி ஆகிவிட்டார். கடையில் நான்தான் முதலில் சிரித்தேன், மற்றவர்களும் சிரித்தார்கள்.

அவருக்குத் தோன்றியது வேறே. வயசாகிறது, உடம்பு முன்னே மாதிரி இல்லை என்று நினைத்துக்கொண்டார். இருபத்தாறு வயசு. கார்த்திகை பாதியில் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தொடை இடுக்கு மரத்துப் போகிறது, அது இறங்கி நடந்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தால் மறுநாள் வரைக்கும் மரத்தபடியே இருக்கிறதாம். சோறு பிசைந்தால் சூடு தெரியவில்லையாம், சட்டைப் பொத்தான் போட முடியவில்லையாம். வீராயிக்குச் சொல்லவில்லை என்றார். வீராயி அவர் சம்சாரம், அப்போது ஆறு மாசம்.

எனக்குக் காரணம் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒரு தடவை தாழ்ந்த ஹேண்டில்பார் உள்ள வாடகைச் சைக்கிளில் ஜெயங்கொண்டம் போய் வந்தபோது எனக்கும் அதே இரண்டு விரல் மரத்தது. உள்ளங்கையின் ஓரத்தில், சுண்டு விரலுக்கு நேர் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது. கைப்பிடி அந்த இடத்தில்தான் அழுத்தும். ஒரு நாள் அழுத்தினால் ஒரு பொழுது மரக்கும். மாசக்கணக்கில் அழுத்தினால் மரத்தது மரத்ததுதான்.

சொல்லியிருக்கலாம். "சரியாயிடும்ணே" என்று சொல்லி அனுப்பினேன். அதோடு நிற்காமல், கேட்ட விஷயத்தை வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம் என்று பட்டது.

மறுநாள் ரயிலடி டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அண்ணன் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு ரயில் வருகிற திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணி தைக்கிற ஊசி பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன். எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, அவர் சுண்டு விரலில் குத்தினேன். கத்திக்கொண்டு குதிப்பார், டீ கொட்டும் என்று காத்திருந்தேன்.

அவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி உள்ளே போய் நின்றது. ரத்தம் கிளாஸ் வழியாக இறங்கி மணிக்கட்டுக்கு வந்தது. அவருக்குத் தெரியவில்லை.

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டீக்கடைக்காரர் வெள்ளைச்சாமி கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "குத்துனா தெரியாத வியாதி ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். பேரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. அண்ணன் அப்போதுதான் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

ரயில் வேகத்தில் ஒரு விஷயம் பெரம்பலூர் போனதை அப்போதுதான் பார்த்தேன், ரயில் இல்லாமலேயே. அண்ணன் குடித்த கிளாஸை வெள்ளைச்சாமி உடைத்துப் போட்டார். மறுநாள் முதல் கொட்டாங்கச்சியில் டீ, அதுவும் தூர நின்று ஊற்றுவது. சைக்கிள் கடைப் பக்கம் நிற்கக் கூடாது என்று எங்கள் அப்பா சொல்லிவிட்டார். பெரம்பலூரில் ஒரு வக்கீல் வீட்டில் பேப்பரைக் குச்சியால் எடுத்து, வெயிலில் காயப் போட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் படித்தார்களாம். பட்டாளத்துச் செய்திக்காக அவர் வழியையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது, "அங்கேயே வெச்சிட்டுப் போப்பா" என்றார்கள். இளையபெருமாள் நல்ல வார்த்தைதான் சொன்னார்: வேறே ஆள் கிடைக்கிற வரைக்கும் ஓட்டு. நாற்பத்தஞ்சு மைலுக்கு ஆள் உடனே கிடைக்குமா? அதனால் மனுஷனைத் தொடாமல் வேலை மட்டும் வாங்கினார்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டர் கையைத் தடவிப் பார்த்து, தேமல் ஏதும் இல்லை, நரம்பும் தடிக்கவில்லை, இப்போதே எதுவும் சொல்ல முடியாது, இரண்டு மாசம் கழித்து வா என்றாராம். ஊருக்கு அதில் கேட்டது கடைசி நாலு வார்த்தைதான்.

நாலாம் நாள் வீராயியின் அண்ணன் கருப்பண்ணன் மாட்டு வண்டியோடு வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள், பயந்துவிட்டார். வைரக்கண்ணு வீட்டு வாசலில் தெருவே கூடி நின்றது, நானும் நின்றேன். வீராயி வர மாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன்தான் அவள் கையை எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் போனவர் பாதியில் நின்று, தன் கையைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "போ வீராயி" என்று தள்ளி நின்றே சொன்னார்.

வண்டியில் ஏறும் முன்னால் கருப்பண்ணன் சொன்னது தெருவுக்கே கேட்டது. "மாப்ள, தைப் பொங்கலுக்குள்ள ஒங்க கைக்கு ஒணர்வு வந்துச்சுன்னா சீர்ப்பானையோட தங்கச்சியைக் கொண்டாந்து விடறேன். இல்லன்னா பஞ்சாயத்தாரோட வருவேன், ஒறவைத் தீர்த்துக்கிட்டுப் போயிருவேன்."

பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மா வயிற்று வலியா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்தேன். பொய்க்கு அது மருந்து இல்லை.

மறுநாள் காலையில் ரயிலடிக்குத் தள்ளி, புளிய மரத்தடியில் அண்ணன் சைக்கிளோடு தனியாக நின்றார். நான் ஸ்பேனர், பாட்டில், நூல் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். சீட்டைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம், கை வலி குறையும் என்றேன்.

"தொடாதடா. ஒங்கப்பா பாத்தா தோலை உரிச்சிருவாரு" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்தேன். சுண்டு விரலில் ஊசி குத்தின இடம் கறுத்திருந்தது. "தொட்டாச்சு. இனிமே உரிச்சா என்ன, உரிக்காட்டி என்ன. ஏறி ஒக்காருங்க, நான் பிடிச்சுக்கறேன்."

முதலில் உசரம். பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வைக்கச் சொன்னேன். இடுப்பு சாயாமல், குதிகால் பெடலில் படும்போது கால் நேராக நீள வேண்டும். அப்படி இருந்தால், விரல் அடிப்பக்கத்தால் மிதிக்கிறபோது முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், அதுதான் அளவு. அவர் குதிகால் பெடலுக்கு மேலே ஆகாசத்தில் தொங்கியது. இறக்கினேன். இன்னும் இறக்கினேன். அஞ்சு நெல்லும் இறங்கியது.

அடுத்து மூக்கு. அரை பாட்டில் தண்ணீரைப் படுக்கப் போட்டு சீட்டின் மேலே வைத்தேன். தண்ணீர் முழுக்க முன்னால் ஓடி நின்றது. கிளிப்பைத் தளர்த்தி, தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாக நிற்கிற வரைக்கும் பல் பல்லாகத் தூக்கினேன். ரொம்பத் தூக்கினால் தொடை இடுக்கு மரக்கும், அதனால் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் நூலின் முனையில் ஒரு நட்டைக் கட்டினேன். பெடல் இரண்டும் முன்னும் பின்னும் ஒரே மட்டமாக இருக்க, முன்னால் இருக்கிற காலின் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பில் நூலை வைத்துத் தொங்க விட்டேன். நட்டு பெடலின் அச்சுக்கு நேரே விழ வேண்டும். நாலு விரல் பின்னால் விழுந்தது. சீட்டை முன்னால் கொண்டுவந்தேன். சீட்டு முன்னால் வந்ததும் ஹேண்டில்பாரும் கிட்டே வந்தது. முழங்கையை சீட் மூக்கில் வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். விரல் நுனி ஹேண்டில்பார் நடுத் தண்டைத் தொட்டது. போதும்.

கடைசியாக ஹேண்டில்பார். தலையில் இருக்கிற போல்ட்டை நாலு சுற்றுத் தளர்த்தி, மேலே மரக்கட்டை வைத்து ஒரு தட்டு. உள்ளே இறுகியிருந்த கூம்பு விட்டது. சீட்டுக்கு மேலே இரண்டு விரல் இருக்கும்படி தூக்கி, நேராக வைத்து இறுக்கினேன். பிரேக் கம்பியையும் அதற்குத் தகுந்தபடி திருத்தினேன். கைப்பிடி இரண்டிலும் பழைய டியூபைச் சுற்றி அதன் மேலே துணி. முழங்கையைக் கம்பு மாதிரி நீட்டாதீங்க, மணிக்கட்டை மடக்காதீங்க, ஒவ்வொரு மைல் கல்லிலும் ஒரு கையை எடுத்து உதறுங்க, பேரளியில் ஒரு தடவை இறங்கி நடங்க என்று சொன்னேன். அண்ணன் எல்லாத்துக்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் கேட்கவில்லை.

சரியாக வைத்தால் போதும், மறுநாளே சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நரம்பு ஸ்பேனருக்குக் கட்டுப்படாது. கார்த்திகை முடிந்தது, மார்கழி முதல் வாரம் போனது, இரண்டாம் வாரம் போனது. தினமும் நான் வைக்கோல் தாளால் அவர் சுண்டு விரலைத் தடவுவேன். கண்ணை மூடிக்கொண்டு, "ம்ஹூம்" என்பார். ஒரு நாள் கண்ணைத் திறக்கவே இல்லை. இமையோரம் ஈரமாக இருந்தது. நான் செயினில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி குனிந்துகொண்டேன்.

மூன்றாம் வாரம் விரலில் எறும்பு ஊர்கிறது என்றார். அதற்கு மறுவாரம் ஒரு காலை வெள்ளைச்சாமி கொதிக்கக் கொதிக்கக் கொட்டாங்கச்சியில் டீ ஊற்றினார். அண்ணன் "சுடுது" என்றார். சொல்லிவிட்டுக் கொட்டாங்கச்சியை அந்த விரலாலேயே இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெள்ளைச்சாமி கீழே வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் இளையபெருமாளுக்கு வேறே ஆள் கிடைத்துவிட்டது. கை சரியாகிவிட்டது என்று அண்ணன் போய்ச் சொன்னார். சந்தோஷம், ஆனால் பெரம்பலூரில் ஒருத்தரும் உன் கையால் வாங்க மாட்டார்களே என்றாராம். அதுவும் நிஜம்தான்.

மாட்டுப் பொங்கல் அன்று கருப்பண்ணன் வந்தார். வண்டியில் கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் பானை, வீராயி. பஞ்சாயத்தார் யாரும் இல்லை. இருந்தாலும் சோதித்துத்தான் விடுவேன் என்றார். தெருவில் வைத்து அண்ணன் கண்ணைத் துணியால் கட்டி, வைக்கோல் தாளால் ஒவ்வொரு விரலாகத் தொட்டார். அண்ணன் ஒவ்வொன்றாகச் சரியாகச் சொன்னார். கடைசியில் கருப்பண்ணன் தொடாமலேயே, "இப்ப?" என்றார். "இப்ப நீங்க தொடல, மச்சான்" என்றார் அண்ணன். வீராயி பானையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

யார் வைத்தியம் என்று கேட்டார்கள். சைக்கிள் கடைப் பையன் என்றார் அண்ணன். கருப்பண்ணன் புதுத் துண்டு ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் மேலே சொன்ன அந்தப் பெருமை. மாசக் கடைசி வரைக்கும் வாய் ஓயவில்லை. முதுகு வலிக்காரன், மூட்டு வலிக்காரன் என்று நாலு பேர் என்னிடம் சீட்டைக் காட்ட வந்தார்கள்.

தை முடிகிற சமயம் அண்ணன் ஊரைக் காலி பண்ணினார். அரியலூரில் வேலை கொடுக்க ஆள் இல்லை. மாமனார் ஊரில் மறுபடி முந்திரி மூட்டைதான். வண்டியில் சாமான்கள், அவற்றின் நடுவே வீராயி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் சைக்கிளில் பின்னால். எங்கள் கடைக்கு எதிரே கால் ஊன்றி நின்றார். குதிகால் அழகாகத் தரையில் படிந்தது. கடையில் அப்போது ஒரு செட்டியாருக்கு நான் பெருவியாதிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேட்டு முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார். கிட்டே போனேன். மெதுவாகத்தான் பேசினார், செட்டியாருக்குக் கூடக் கேட்டிருக்காது.

"அன்னிக்குப் புளிய மரத்தடில என் சைக்கிளைப் பாத்தப்ப, சீட்டு ஒசரத்துல மூக்கு குப்புற கெடந்துச்சு. எந்தக் கடைக்காரனா இருந்தாலும் அதைப் பாத்த ஒடனே, எந்த மடப்பய இப்பிடி வெச்சதுன்னுதான் மொதல்ல கேப்பான். நீ கேக்கவே இல்லியே, சாமிதுரை?"